ரெண்டாவது திருவோணம்

முனீஸ்வரிக்குக் கோபம் வரும், தலைவலி வரும், சமயத்தில் அழுகைகூட வரும். தப்பு மட்டும் வராது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரும் அப்படியே நினைத்தது. அவளிடம் போய், "உன் கணக்குத் தப்பு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றவன் சேவுகம்பட்டி வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை.

கணக்கு என்றால் ரூபாய்க் கணக்கு அல்ல, நாள் கணக்கு. எதை என்றைக்கு விதைப்பது, என்றைக்குத் தண்ணீர் கட்டுவது, என்றைக்கு அறுப்பது, எந்தச் சந்தைக்கு ஏற்றுவது என்று வருஷம் முழுவதையும் சித்திரை மாதமே உட்கார்ந்து காலண்டரில் எழுதிவிடுவாள். "வெதைக்கிற நாளப் பாக்காதீங்க. விக்கிற நாளப் பாருங்க. அங்கேருந்து பின்னால எண்ணிட்டு வாங்க" என்பாள். சொல்லும்போது சுட்டுவிரல் ஆடும். அவள் புருஷன் பழனிக்குமார் அந்த விரலைப் பார்த்தே இருபது வருஷம் ஓட்டிவிட்டான். நல்ல மனுஷன். "நீ சொன்னாச் சரிதான் புள்ள" என்ற ஒரே வாக்கியத்தில் குடும்பம் நடத்தியவன்.

காலண்டர் மாட்டியிருக்கும் இடம் கிணற்றடி மோட்டார் ரூம். உரக்கடையில் கொடுத்தது. ஒவ்வொரு தாளிலும் பாதிக்குக் கடைக்காரர் சிரித்துக்கொண்டிருப்பார். மீதிப் பாதியில் தேதிகள் இருக்கும். விசேஷ நாள் எல்லாம் அடியில் எறும்பு எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்.

அந்தக் கிணறு நாலு பேருக்குப் பாத்தியப்பட்டது. முனீஸ்வரி, அவளுக்கு மாமா முறையான ஒச்சப்பன், மதினி முறையான பேச்சாயி, அப்புறம் அந்தோணிமுத்து. ஆளுக்கு ஒரு நாள் முறைத் தண்ணீர். அந்த நாளில் த்ரீ பேஸ் கரண்ட் இருக்கிற நேரம் முழுக்க மோட்டார் அவர்களுடையது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு ஏழு நாள், முறைக்கு நாலு நாள். இந்த வெள்ளி உன் முறை என்றால் அடுத்தது செவ்வாய், அதற்கடுத்தது சனி. "போன வாரம் வெள்ளி என் முறைதானே, இந்த வெள்ளியும் எனக்குத்தான்" என்று ஒச்சப்பன் ஒரு தடவை மோட்டாரைப் போட, அந்தோணிமுத்து மண்வெட்டியோடு வந்து நிற்க, பெரிய ரகளையாகிப் போனது. அதற்குப் பிறகுதான் முனீஸ்வரி காலண்டரை அங்கே கொண்டுபோய் மாட்டினாள். யார் முறை என்று ஒவ்வொரு தேதியிலும் எழுதினாள். கூடவே தன் வயலின் வேலைகளையும் எழுதினாள். சண்டை நின்றது.

பேச்சாயியோடு மட்டும் சண்டை நிற்கவில்லை. அது தண்ணீர்ச் சண்டை அல்ல, ஆட்டுச் சண்டை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பேச்சாயியின் வெள்ளாடு முனீஸ்வரியின் மிளகாய் நாற்றங்காலில் நுழைந்து ஒரு பாத்தியைச் சுத்தமாக வழித்துவிட்டது. முனீஸ்வரி ஆட்டை வைதாள், அப்படியே ஆட்டுக்காரியையும் சேர்த்து வைதாள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. வரப்பில் எதிரே வந்தால் ஒருத்தி கிழக்கே பார்ப்பாள், இன்னொருத்தி மேற்கே பார்ப்பாள்.

இந்த வருஷம் சித்திரையில் முனீஸ்வரிக்கு ஒரு யோசனை வந்தது. மூன்று வருஷமாகத் தக்காளி போட்டுத் தக்காளி போட்டு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு விலையைக் கேட்டு உச் கொட்டியது போதும். ஒரு ஏக்கரில் செண்டுமல்லி போடுவோம். ஓணத்துக்குக் கேரளாவில் வாசலில் பூக்கோலம் போடுகிறார்கள். அத்தம் என்கிற அஸ்த நட்சத்திரத்தில் ஆரம்பித்துத் திருவோணம் வரைக்கும் பத்து நாள், தினமும் பூ. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலிருந்து வண்டி வண்டியாகப் போகும். அந்தப் பத்து நாளில் நம் பூ விரிந்தால் போதும்.

பழனிக்குமார் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "தக்காளின்னா நமக்குப் பழகுன பயிரு. பூவு நாள் தப்புனா நாறிப் போகுமே."

"நாள் நான் பாத்துக்கிறேன்."

"நீ சொன்னாச் சரிதான் புள்ள."

வீட்டிலிருந்த தினசரிக் காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆவணி மாதத்துக்குப் புரட்டினாள். ஆவணி ஒன்று, ரெண்டு, மூன்று. மூன்றாம் தேதித் தாளில் திருவோணம் என்று பளிச்சென்று இருந்தது. ஆகா! அதிலிருந்து பின்னால் எண்ணினால் அத்தம் ஆடி இருபத்தைந்து. விதைத்ததிலிருந்து பூவுக்கு எண்பத்தைந்து நாள் என்றால் வைகாசி ரெண்டில் விதை நாற்றங்காலில் விழ வேண்டும். இருபத்தைந்து நாள் நாற்று, வைகாசி கடைசியில் நடவு. பறிப்புக்கு முதல் நாள் தண்ணீர் கட்டினால் பூ விறைப்பாக நிற்கும், அதற்குத் தோதாக முறை விழுகிறதா? விழுந்தது. மோட்டார் ரூம் காலண்டரில் ஆடி இருபத்துநாலில் "ஓணப்பூ முதல் பறிப்பு" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். எழுதிவிட்டு ரெண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள், அவ்வளவு அழகாக இருந்தது.

ஒச்சப்பன் அப்போதே வந்து கேட்டார். "ஆவணியில ஒனக்கு வயல் காலியாத்தான இருக்கும்? ஒன் மொறயை எனக்குக் குடுத்தேன்னா சின்ன வெங்காயம் ஊண்டிருவேன்."

"ஆவணி அஞ்சுலேருந்து எடுத்துக்கங்க மாமா" என்று பெரிய மனசோடு அதையும் எழுதிக் கொடுத்தாள்.

ஆடி ஒன்பது வரைக்கும் எல்லாம் எழுதினபடி நடந்தது. செடி முழங்காலுக்கு மேல் வந்திருந்தது. நடவு செய்து மூன்றரை வாரத்தில் ஒரு தடவை கொழுந்து கிள்ளியதில் கிளை நன்றாக வெடித்து, நுனிக்கு நுனி பட்டாணி அளவில் மொட்டு. அன்றைக்குக் காலையில் அஸ்பாக் போன் செய்தான். நிலக்கோட்டையில் பூ வாங்கிப் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் வேன் ஓட்டுகிறவன், எட்டு வருஷமாக அந்த ரூட்டில்தான் இருக்கிறான்.

"அக்கா, ஓணத்துக்குப் பூ குடுக்குறேன்னீங்களே, செடி எப்பிடி இருக்கு?"

"ஜம்முனு இருக்குப்பா. ஆடி இருபத்துநாலு வண்டியோட வந்துரு."



"ஆடியிலயா? ஆடியில எதுக்குக்கா?"

"என்ன எதுக்குங்கிற? ஆவணி மூணு திருவோணம். ஆடி இருபத்தஞ்சு அத்தம். காலண்டர்ல போட்டிருக்கானே!"

"அய்யோ அக்கா, இந்த வருசம் ஆவணியில திருவோணம் ரெண்டு தடவ வருது. மூணாந்தேதி ஒண்ணு, முப்பதாந்தேதி ஒண்ணு. அப்பிடி ரெண்டு வந்தா ரெண்டாவதுதான் ஓணம். அத்தம் ஆவணி இருபத்தொண்ணுக்கா. இப்பப் பறிச்சா நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?"

முனீஸ்வரி போனை வைத்துவிட்டு ஓடிப்போய்த் தினசரிக் காலண்டரைப் புரட்டினாள். ஆவணி மூன்று. இந்தத் தடவை நிற்கவில்லை, மேலே புரட்டிக்கொண்டே போனாள். முப்பதாம் தாளில் திருவோணம், கீழே ஓணம் பண்டிகை என்று வேறு தனியாகப் போட்டிருந்தான். நட்சத்திரம் இருபத்தேழு, மாதத்துக்கு முப்பத்தொரு நாள். மாதத் தொடக்கத்தில் வந்த நட்சத்திரம் கடைசியில் இன்னொரு தடவை வராமல் எங்கே போகும்? ஏழு நாளையும் நாலு நாளையும் முடிச்சுப் போட்டு அவிழ்த்தவளுக்கு இது தெரியாமல் போய்விட்டது. முதல் திருவோணத்தைக் கண்ட சந்தோஷத்தில் காலண்டரை மூடிவிட்டாள், அவ்வளவுதான் செய்த தப்பு.

பழனிக்குமாரிடம் சொன்னபோது அவன் மிகவும் கவனமாகச் சிரிக்காமல் இருந்தான்.

"ஆடி வெள்ளிக்குக் கோயில் கோயிலாப் பூ போகும்ல, வந்த வெலைக்குத் தள்ளிருவோமா?"

"ஒரு ஏக்கர்ப் பூவையுமா? இப்ப இம்புட்டு மொட்டும் விரிஞ்சா ஆவணி இருபதுல செடி கெழடு தட்டிப் போயிரும். அப்பக் குடுக்கப் பூவே இருக்காது." அவள் எழுந்து நின்றாள். "கிள்ளுவோம். மொட்டோட சேத்துக் கிளை நுனியெல்லாம் கிள்ளி எறிஞ்சா மறுபடி தளுத்து வர ஆறு வாரம். இன்னைக்கு ஆடி ஒம்போது. எண்ணிப் பாரும். சரியா அத்தத்துல நிக்கிது."

"வச்ச மொட்டயா கிள்ளப் போற?"

"ஆமா."

பழனிக்குமார் வாயில் வழக்கமான வாக்கியம் வரவில்லை. தப்பினால் ஆடிப் பூவும் இல்லை, ஆவணிப் பூவும் இல்லை, மொட்டைச் செடிதான் மிச்சம். அது அவளுக்கும் தெரியும். இருந்தும் மறுநாள் விடிந்ததும் ரெண்டு பேரும் வயலில் இறங்கினார்கள். மாயம்மாள் என்ற பக்கத்து ஊர்க்காரி நாலு கூலிப் பெண்களோடு வந்தாள். மொட்டுகள் மண்ணில் பச்சையாகச் சிதறிக் கிடந்ததைப் பார்க்க முனீஸ்வரிக்கு அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே கிள்ளினாள். வழியில் போனவர்கள் கேட்டதற்கு, "கிளை வெடிக்கிறதுக்கு" என்று சொல்லி மென்று முழுங்கினாள். அது பொய்யும் இல்லை.

ஆனால் தண்ணீர்? ஆவணி அஞ்சுக்கு மேல் அவள் முறையை ஒச்சப்பனுக்குத் தாரை வார்த்தாயிற்று. அவர் விதை வெங்காயம் வாங்கி நிழலில் பரப்பி, நிலத்தையும் உழுது போட்டுவிட்டார். ஆவணி வெயிலில் பூக்கிற பயிருக்குத் தண்ணீர் இல்லை என்றால் கிள்ளியதும் வீண், அழுததும் வீண். சாயந்தரம் அவர் வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, "ஒரு மொற விட்டு ஒரு மொற எனக்குக் குடுங்க மாமா. எட்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி பாச்சி ஒப்பேத்திக்கிறேன்" என்றாள்.

ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் அத்தனை சந்தோஷம்!

"தாரேன். ஆனா ஒரு கண்டிசன்."

"என்ன மாமா?"

"மூணு வருசத்துக்கு முந்தி நான் ஒரு மொற மாத்தி மோட்டாரப் போட்டதுக்கு, பால் சொசைட்டியில நாப்பது பேரு முன்னால வச்சு என்னயக் கூமுட்டைன்ன. நீ நாளைக்கு அதே எடத்துல நின்னு, என் காலண்டரு தப்புன்னு ஒன் வாயால சொல்லணும். சத்தமா."

முனீஸ்வரிக்குச் சுள்ளென்று ஏறியது. எழுந்து வந்துவிட்டாள். வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாட்டை நான் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டில் பழனிக்குமார் வெஞ்சனத்தில் உப்பில்லை என்பதைக்கூடச் சொல்லாமல் தின்றான்.

காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனாள். வரிசை ரோடு வரைக்கும் நின்றது. ஒச்சப்பன் குளித்து, விபூதி பூசி, பால் இல்லாமலே வந்து திண்டில் உட்கார்ந்திருந்தார். வரிசையில் ஆறாவது ஆளாகப் பேச்சாயி நின்றாள். முனீஸ்வரியைக் கண்டதும் மேற்கே திரும்பிக்கொண்டாள்.

முனீஸ்வரி கேனைக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. மோட்டார் ரூம் காலண்டர்ல நான் எழுதுன ஓணம் தேதி தப்பு. ஆவணி மூணு இல்ல, முப்பது. இந்த வருசம் ரெண்டு திருவோணம் வருது, நான் மொதலோட நிறுத்திட்டேன். பூ இருபத்தேழு நாளு முந்திப் போச்சு. அதான் நேத்து மொட்டக் கிள்ளுனேன்."

ஒச்சப்பன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் "அடி பாவி மகளே!" என்று ஒரு அலறல். தொடர்ந்து டங்கென்று கேன் விழுந்தது. ரெண்டு லிட்டர்ப் பால் சிமெண்டுத் தரையில் ஓடியது. பேச்சாயி வரிசையை விட்டு வயல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முனீஸ்வரிக்கு மட்டும் மெல்லப் புரிந்தது. பேச்சாயியின் அரை ஏக்கரில் வாடாமல்லி நிற்கிறது. ஆடிக் கோயில் பூவுக்குப் போட்டிருக்கிறாள் என்று இவள் நினைத்திருந்தாள். பேச்சாயிக்கும் நாலு நாளைக்கு ஒருமுறை மோட்டார் போட அந்த ரூமுக்குள்தானே வர வேண்டும்? கண்ணுக்கு நேரே கொட்டை எழுத்தில் "ஓணப்பூ" என்று எழுதி வைத்திருந்தது யார்? அவமானம் போதாதென்று இப்போது நெஞ்சுக்குள் இதுவும் சேர்ந்துகொண்டது. கேனை ஒச்சப்பனிடம் "ஊத்திருங்க மாமா" என்று தள்ளிவிட்டு இவளும் ஓடினாள்.

பேச்சாயி தன் வயல் நடுவே இடுப்பில் கை வைத்து நின்றாள். வாடாமல்லி மொட்டெல்லாம் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. முனீஸ்வரி வரப்பைத் தாண்டி முதல் சாலில் குனிந்து கிள்ள ஆரம்பித்தாள். வரட்டும், வையட்டும், வாங்கிக்கொள்வோம் என்றுதான் இருந்தாள். பேச்சாயி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த சாலில் குனிந்தாள். உச்சி வெயில் வரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை பேச்சாயி காற்றைப் பார்த்துச் சொல்வது போல, "ரொம்ப ஏறக் கிள்ளக் கூடாது, நுனியிலேருந்து ரெண்டு கணு தள்ளிக் கிள்ளணும்" என்றாள். முனீஸ்வரி ரெண்டு கணு தள்ளிக் கிள்ளினாள். அவள் பிறத்தியார் சொல்லி ஒன்றைச் செய்த முதல் நாள் அதுதான்.

ஆடி போய் ஆவணி வந்தது. ஊரில் முனீஸ்வரிக்கு "ரெண்டாந் திருவோணம்" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "ஏத்தா, இந்த மாசம் தீபாவளி எத்தன?" என்று அந்தோணிமுத்து கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் நினைப்பெல்லாம் செடி மேல் இருந்தது. கிள்ளிய இடத்துக்குக் கீழே ஒவ்வொரு கணுவிலும் ரெண்டு ரெண்டாகத் தளிர் வந்தது. பத்தாம் தேதி வாக்கில் மொட்டு தெரிந்தது. ஆனால் மழை இல்லை. எட்டு நாள் முறையில் ஆறாம் நாளே இலை தொங்கியது. மண்ணைக் கையில் அள்ளினால் மாவாக உதிர்ந்தது. பதினைந்தாம் தேதி விடியும்போது, "போச்சு, இன்னும் ரெண்டு நாள் தாங்காது" என்று நினைத்துக்கொண்டு வயலுக்குப் போனவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். சாலெல்லாம் தண்ணீர். முக்கால் வயல் நனைந்திருந்தது. அன்றைக்குப் பேச்சாயி முறை. வாய்க்காலில் அவள் பக்கத்து மடை அடைத்து, இந்தப் பக்கத்து மடை வெட்டியிருந்தது.

பேச்சாயி மண்வெட்டியோடு கிழக்கே பார்த்து நின்றாள்.

"மடை ஒடைஞ்சிருச்சு" என்றாள்.

ஒடைந்த மடை அப்படியா நேர்க்கோட்டில் ஒடையும்? முனீஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த முறையிலும் மடை ஒடைந்தது.

ஆவணி இருபது. அத்தத்துக்கு முதல் நாள். வெள்ளி முளைக்கும்போதே மாயம்மாளின் ஆட்கள் சாலுக்கு ஒருத்தியாக இறங்கிவிட்டார்கள். ஒரு ஏக்கர் செண்டுமல்லியும் மஞ்சளாகக் கொழித்துக் கிடந்தது. ஒரு கிளை இருக்க வேண்டிய இடத்தில் நாலு கிளை, கிளைக்குக் கிளை பூ. பழனிக்குமார் ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கை நிறைந்ததைப் பார்த்துச் சிரித்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் வாடாமல்லி கத்திரிப்பூ நிறத்தில் நின்றது. அஸ்பாக் வேனைக் கொண்டுவந்து களத்தில் நிறுத்தி, மூட்டையைத் தூக்கிப் பார்த்து, "அக்கா, அடுத்த வருசமும் முதல் திருவோணத்துக்கே போட்டுக் கிள்ளுங்க" என்றான். ஓணம் முடிகிற வரைக்கும் மூன்று நாளைக்கு ஒரு பறிப்பு என்று பேசிக்கொண்டார்கள்.

செண்டுமல்லி ஏறி முடித்ததும் வேனில் இடம் மிச்சம் இருந்தது. "மதினி மூட்டையையும் ஏத்துப்பா" என்றாள் முனீஸ்வரி. மதினி என்று வாயில் வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பேச்சாயி வாடாமல்லி மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி, சும்மாட்டுத் துணியை உதறினாள். முனீஸ்வரிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"மதினி, என் தேதியப் பாத்துப் போட்டு ஒங்க வெள்ளாமையும் போகப் பாத்துச்சே. எனக்கு மனசே ஆறல."

"இந்த ஒரு வெள்ளாமையா?" பேச்சாயி முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். "போன வருசம் கத்திரி, அதுக்கு முந்தின வருசம் எள்ளு, எல்லாம் ஒன் தேதியிலதான்டி வெதச்சேன். ஒங்கூடப் பேசலங்கிறதுக்காக ஒன் காலண்டரப் பாக்காம இருக்க முடியுமா?"

சொல்லிவிட்டுப் பேச்சாயி மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். "தூக்குடி, வண்டி கெளம்பணும்" என்றாள். முனீஸ்வரி மறு முனையைப் பிடித்தாள்.